அப்பாவின் வால்வு சிகிச்சை: வெளிநாட்டு மருத்துவமனைக்கு இந்த மெயில் போதுமா?

மழைக்காகிதம்

அப்பாவுக்கு வயது 72. அயோர்ட்டிக் வால்வு சுருங்கிப்போயிருக்கிறது, மாற்றியே ஆக வேண்டும் என்று எங்கள் இதய மருத்துவர் சொல்லிவிட்டார். வெளிநாட்டில் இரண்டு மருத்துவமனைகளைக் குறித்து வைத்திருக்கிறோம். நெஞ்சைத் திறக்காமல் ரத்தக்குழாய் வழியாக வால்வு வைக்கும் டாவி முறை பற்றி முதலில் மெயிலில் விசாரிக்கலாம் என்று இதை எழுதினேன். ஆங்கிலத்தில்தான் போகும், இங்கே தமிழில் போடுகிறேன்.

> மதிப்பிற்குரியவர்களுக்கு, என் அப்பாவுக்கு இதய வால்வில் பிரச்சினை. ரிப்போர்ட்டுகள் அனைத்தையும் இணைத்துள்ளேன். டாவி முறையில் வால்வு மாற்ற மொத்தம் எவ்வளவு செலவாகும்? எத்தனை நாள் தங்க வேண்டும்? விரைவில் பதில் அனுப்பவும். நன்றி.

இணைப்பில் ரிப்போர்ட்டுகளை போனில் படம் எடுத்து ஒரே ஜிப் ஆக்கியிருக்கிறேன். சிடி ஸ்கேன் ஃபிலிமையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எடுத்தாயிற்று. அனுப்பிவிடலாமா?

கணக்குப்பிள்ளை

அனுப்புங்கள், நன்றாகவே இருக்கிறது. இன்னும் சுருக்கினாலும் தப்பில்லை. நீளமாக எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். 70 தாண்டியவர்களுக்கு இப்போதெல்லாம் டாவிதான், நெஞ்சைத் திறப்பதே இல்லை. அதனால் சிகிச்சை என்னவென்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், நேராக விலையைக் கேளுங்கள். இரண்டு இடம் போதாது, பத்து இடத்துக்கு ஒரே மெயிலைத் தட்டிவிட்டு, குறைவாகச் சொல்பவரைப் பிடியுங்கள். சர்க்கரை, கிட்னி என்று மற்ற தொல்லைகளை முதல் மெயிலிலேயே கொட்டாதீர்கள், ரேட் ஏறிவிடும்.

மேசைக்குப்பின்னால்

ஒரு மருத்துவமனையின் வெளிநாட்டு நோயாளிகள் பிரிவில் வேலை பார்த்தவன் நான். இப்படிப்பட்ட மெயில்கள் தினமும் வரும். வந்தால் உள்ளே என்ன நடக்கும் என்று மட்டும் சொல்கிறேன்.

மெயிலை முதலில் திறப்பவர் மருத்துவர் இல்லை, ஒருங்கிணைப்பாளர். அவருக்கு மருத்துவம் ஓரளவு தெரியும், ஆனால் எக்கோவைப் படித்து முடிவு சொல்ல முடியாது. உங்கள் மெயிலில் 'டாவி, எவ்வளவு' என்று இருந்தால் அவரிடம் அதற்கு ஒரு நிலையான தொகை தயாராக இருக்கும். அதை ஒட்டி அனுப்பிவிடுவார். ஜிப்பை யாரும் திறந்திருக்க மாட்டார்கள். அந்தத் தொகை வேறு சிக்கல் எதுவும் இல்லாத ஒரு நோயாளிக்கானது. உங்கள் அப்பாவுக்கானது அல்ல.

மெயிலின் முதல் பத்து வரியிலேயே நோயாளி யார், எண்கள் என்ன, கேள்வி என்ன என்று இருந்தால் அதை அப்படியே மருத்துவருக்குத் தள்ளிவிடுவோம். அவர் இரண்டு நோயாளிகளுக்கு நடுவே பார்த்து, 'டாவிக்கு ஏற்றவர் போல் இருக்கிறது, சிடி வேண்டும்' என்றோ 'அறுவை சிகிச்சைதான் நல்லது' என்றோ ஒரு வரி எழுதுவார். அந்த வரிக்குப் பிறகு போடும் மதிப்பீடுதான் மதிப்பீடு.

கணக்குப்பிள்ளை சார், மற்ற தொல்லைகளை மறைத்தால் ரேட் ஏறாது என்பது உண்மை. மெயிலில் ஏறாது. போய்ப் படுத்த பிறகு ஏறும்.

மழைக்காகிதம், இவற்றைச் சொல்லுங்கள்: எக்கோவில் வால்வு பரப்பளவு, சராசரி அழுத்த வேறுபாடு, ரத்தம் பாயும் உச்ச வேகம், இதயத்தின் பம்ப் செய்யும் திறன். ஆஞ்சியோகிராம் எடுத்தார்களா? கிரியேட்டினின் எவ்வளவு? ஈசிஜி அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது?

முட்டிவலி

நானும் முட்டி மாற்றிக்கொள்ள வெளிநாடு போனவன்தான். மெயிலில் ஒரு தொகை சொன்னார்கள், பில்லில் வேறு தொகை வந்தது. கேட்டால் பிசியோதெரபி சேராது, கூடுதலாக இருந்த நாட்கள் சேராது என்றார்கள். அழைப்புக் கடிதம் வாங்குவதற்குள் உயிர் போயிற்று. விசாவுக்குக் கடிதம் கேட்டீர்களா? அதை முதலில் கேளுங்கள்.

மழைக்காகிதம்

முட்டிவலி அண்ணா, விசா வரைக்கும் நாங்கள் இன்னும் போகவில்லை.

எக்கோவில் இருப்பது: வால்வு பரப்பளவு 0.7 சதுர செ.மீ., சராசரி அழுத்த வேறுபாடு 47, உச்ச வேகம் நொடிக்கு 4.4 மீட்டர், பம்ப் திறன் 50%. கிரியேட்டினின் 1.6. ஈசிஜியில் 'வலது பண்டில் பிராஞ்ச் பிளாக்' என்று இருக்கிறது. ஆஞ்சியோகிராமும் எடுத்தார்கள், அதில் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் எல்.ஏ.டி. குழாயின் தொடக்கத்தில் 80% அடைப்பு என்று எழுதியிருக்கிறது. வால்வுதான் முக்கியம் என்று மருத்துவர் சொன்னதால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சர்க்கரை பல வருடமாக இருக்கிறது. போன மாதம் நடந்துகொண்டிருந்தவர் ஒருமுறை மயங்கி விழுந்துவிட்டார்.

கேத்லேப்ராத்திரி

முதலில் மயக்கம். வால்வு இவ்வளவு சுருங்கியவர் நடக்கும்போது மயங்கி விழுந்தால், மெயிலுக்குப் பதில் வரட்டும் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. உங்கள் மருத்துவருக்கு அது தெரியுமா? தெரியாவிட்டால் இன்றே சொல்லுங்கள். விமானத்தில் போகலாமா என்பதையும் அவர்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம் அந்த 80%. நான் ஆஞ்சியோ எடுக்கும் கேத்லேப்பில் டெக்னீஷியன், மருத்துவர் இல்லை, ஆனால் இந்தக் கேஸில் அந்த அடைப்புதான் திசையையே மாற்றக்கூடியது. நெஞ்சைத் திறந்து செய்தால் வால்வையும் மாற்றி, அதே நேரத்தில் பைபாஸும் போட்டுவிடலாம். டாவி என்றால் தொடை ரத்தக்குழாய் வழியாக வால்வு, அந்த அடைப்புக்குத் தனியாக ஸ்டென்ட். ஸ்டென்ட் முன்னாலா பின்னாலா, போட வேண்டுமா வேண்டாமா என்பதிலேயே ஒவ்வொரு குழுவும் ஒவ்வொன்று சொல்லும். இரண்டும் வேறு வேறு சிகிச்சை, வேறு வேறு பில். நீங்கள் 'டாவிக்கு எவ்வளவு' என்று கேட்டால் ஸ்டென்ட் இல்லாத தொகைதான் வரும்.

70 தாண்டினால் டாவிதான் என்பதும் அப்படியே சரியில்லை. அமெரிக்க இதயவியல் அமைப்புகளின் 2020 வழிகாட்டுதலில் 65க்குக் கீழே அறுவை சிகிச்சை, 80க்கு மேலே டாவி, நடுவில் இருப்பவர்களுக்கு நோயாளியும் மருத்துவரும் பேசி முடிவு செய்ய வேண்டும் என்று இருக்கிறது. அப்பா அந்த நடுவில் இருக்கிறார். கூடவே அடைப்பும் இருக்கிறது.

ஈசிஜியில் உள்ள அந்த வலது பிளாக்கையும் விடாதீர்கள். அது ஏற்கெனவே இருப்பவர்களுக்கு டாவிக்குப் பிறகு பேஸ்மேக்கர் தேவைப்படும் வாய்ப்பு கூடுதல். இதயத்தின் மின்பாதை வால்வுக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது, புது வால்வு விரியும்போது அதை அழுத்திவிடலாம். பேஸ்மேக்கருக்குத் தனி விலை.

அந்த சிடி என்ன சிடி? எதற்காக எடுத்தது?

மழைக்காகிதம்

மயக்கத்தை மருத்துவரிடம் சொல்லிவிட்டோம். மாத்திரையை மாற்றினார், தள்ளிப்போட வேண்டாம் என்றும் சொன்னார். விமானப் பயணத்துக்கு முன் தன்னிடம் ஒருமுறை காட்டச் சொன்னார்.

சிடி, இருமலுக்காக எடுத்த நெஞ்சு ஸ்கேன். டிஸ்க்கும் இருக்கிறது, அதையும் அனுப்பலாமா?

கேத்லேப்ராத்திரி

டாவி கணக்குக்கு அது உதவாது. டாவிக்கு எடுப்பது வேறு: இதயத் துடிப்போடு பொருத்தி, ஊசியில் மருந்து ஏற்றி, ஒரு மி.மீ.க்கும் குறைவான துண்டுகளாக, வால்விலிருந்து தொடை ரத்தக்குழாய் வரை எடுப்பார்கள். வால்வு உட்காரும் வளையத்தின் அளவை அதில்தான் அளப்பார்கள். எந்த சைஸ், கால் வழியாகப் போக இடமிருக்கிறதா, இதயத்துக்கு ரத்தம் போகும் வாய்களை வால்வு மறைக்குமா என்பதெல்லாம் அதில்தான் தெரியும். சாதாரண நெஞ்சு ஸ்கேனில் இதயம் துடித்துக்கொண்டே இருப்பதால் வளையம் கலங்கலாக விழும். அதை வைத்து யாரும் அளக்க மாட்டார்கள்.

இருந்தாலும் நுரையீரலைப் பார்க்க உதவும். அறிக்கையை மட்டும் கடைசியில் வையுங்கள்.

கணக்குப்பிள்ளை

அப்படியானால் அந்த சிடியை இங்கேயே எடுத்து அனுப்பிவிடலாமே? அங்கே போய் எடுத்தால் அதற்கும் காசு.

கேத்லேப்ராத்திரி

அதில்தான் கிரியேட்டினின் வருகிறது. 72 வயது ஆணுக்கு 1.6 என்றால் கிட்னியின் வடிகட்டும் திறன் கிட்டத்தட்ட 45. சாயமருந்து ஏற்றவே கூடாது என்ற நிலை இல்லை, ஆனால் யோசித்து ஏற்ற வேண்டிய நிலை. இங்கே எடுத்த படம் அவர்கள் அளவைக்குத் தோதாக இல்லை என்றால் அங்கே மறுபடியும் எடுப்பார்கள், கிட்னிக்கு இரண்டாவது அடி. ஆஞ்சியோகிராமில் ஏற்கெனவே ஒருமுறை சாயம் ஏறியிருக்கிறது.

என்னைக் கேட்டால் படம் எப்படி இருக்க வேண்டும் என்று அவர்களிடமே எழுதி வாங்கி, அதை இங்குள்ள ஸ்கேன் சென்டரில் காட்டி, செய்ய முடியும் என்றால் மட்டும் எடுக்க வேண்டும்.

மேசைக்குப்பின்னால்

இதில் நான் கொஞ்சம் வேறுபடுகிறேன். சிடி இல்லாமல் டாவிக்குத் திட்டவட்டமாகப் பதில் வராது. அங்கே போன பிறகு 'கால் குழாய் ஒல்லியாக இருக்கிறது, அறுவை சிகிச்சைதான்' என்று சொன்னால் குடும்பம் வேறு நாட்டில் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டியிருக்கும். அப்படிச் சிலரைப் பார்த்திருக்கிறேன். கிட்னி மருத்துவர் சம்மதித்தால் கிளம்பும் முன்பே எடுத்துவிடுவதுதான் என் கட்சி. எதுவானாலும் முதல் மெயிலுக்கு அது தேவையில்லை.

மெயிலை இப்படி மாற்றிப் பாருங்கள். உயரம், எடை, தேதி என்று நீங்கள் இங்கே சொல்லாதவற்றை மாதிரிக்குப் போட்டிருக்கிறேன், ரிப்போர்ட்டைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

> பொருள்: 72 வயது ஆண், கடுமையான அயோர்ட்டிக் வால்வு சுருக்கம், எல்.ஏ.டி. அடைப்பு. சிகிச்சைக் கருத்தும் செலவு மதிப்பீடும் வேண்டி.
>
> நோயாளி என் தந்தை. உயரம் 164 செ.மீ., எடை 58 கிலோ. சில மாதங்களாக ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. போன மாதம் நடக்கும்போது ஒருமுறை மயங்கி விழுந்தார். தன் வேலைகளைத் தானே செய்துகொள்கிறார்.
>
> எக்கோ (12.3.2025): வால்வு பரப்பளவு 0.7 சதுர செ.மீ., சராசரி அழுத்த வேறுபாடு 47, உச்ச வேகம் 4.4, பம்ப் திறன் 50%. ஆஞ்சியோகிராம் (18.3.2025): எல்.ஏ.டி. தொடக்கத்தில் 80% அடைப்பு, மற்ற குழாய்களில் குறிப்பிடத்தக்க அடைப்பு இல்லை. ஈசிஜி: வலது பண்டில் பிராஞ்ச் பிளாக். கிரியேட்டினின் 1.6. சர்க்கரை நோய் உண்டு. மாத்திரைப் பட்டியல் இணைப்பில் உள்ளது. டாவிக்கான சிடி இன்னும் எடுக்கவில்லை.
>
> எங்கள் கேள்விகள்: இவருக்கு அறுவை சிகிச்சையா, டாவியா, எதைப் பரிந்துரைப்பீர்கள், ஏன்? அடைப்புக்கு என்ன செய்வீர்கள்? முடிவு செய்ய இன்னும் எந்தப் பரிசோதனை வேண்டும்? சிடி இங்கே எடுப்பதானால் எப்படி எடுக்க வேண்டும் என்று எழுதித் தர முடியுமா?
>
> இரண்டு வழிகளுக்கும் தனித்தனி மதிப்பீடு வேண்டும். அதில் வால்வு, ஸ்டென்ட், மருத்துவர் மற்றும் மயக்க மருந்துக் கட்டணம், தீவிர சிகிச்சைப் பிரிவு, வார்டு நாட்கள் எவையெவை சேரும் என்று குறிப்பிட வேண்டுகிறோம். பேஸ்மேக்கர் தேவைப்பட்டால் எவ்வளவு, சொன்ன நாட்களுக்கு மேல் தங்கினால் ஒரு நாளுக்கு எவ்வளவு, இந்த மதிப்பீடு எந்த நாணயத்தில், எந்தத் தேதி வரை செல்லும்?

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள், 'மொத்தம் எவ்வளவு' என்ற கேள்வி இதில் எங்கேயும் இல்லை. அதைக் கேட்டால் ஒரே ஒரு எண் வரும், அதற்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. எவையெவை சேரும் என்று கேட்டால் சேராதவை தாமாகவே வெளியே வரும். ஒரே எண்ணை நம்பிப் போனதால்தான் முட்டிவலி சாருக்கு அப்படி நடந்தது.

முன்பணம் எவ்வளவு, பரிசோதனைக்குப் பிறகு சிகிச்சை வேண்டாம் என்று முடிவானால் எவ்வளவு திரும்பி வரும் என்பதை இரண்டாவது மெயிலில் கேளுங்கள். முதல் மெயிலிலேயே கேட்டால் அது மருத்துவரிடம் போகாமல் கணக்குப் பிரிவுக்குப் போய்விடும்.

மழைக்காகிதம்

இவ்வளவு தெளிவாக எனக்கு எழுத வந்திருக்காது, நன்றி அண்ணா. இணைப்புகளை எப்படிப் போடுவது?

மேசைக்குப்பின்னால்

போன் படங்கள் வேண்டாம். நிழல் விழும், ஓரம் வெட்டுப்படும், பக்கம் தலைகீழாக இருக்கும். ஸ்கேன் செய்து ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு பிடிஎஃப் ஆக்குங்கள். பெயரில் தேதி இருக்கட்டும்.

```
01_summary.pdf
02_echo_2025-03-12.pdf
03_angiogram_2025-03-18.pdf
04_ecg_2025-03-10.pdf
05_blood_2025-03-17.pdf
06_medicines.pdf
```

பழைய ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் போட வேண்டாம், கடைசியாக எடுத்தது போதும். கிரியேட்டினின் மட்டும் பழையது ஒன்றும் சேருங்கள். ஏறிக்கொண்டிருக்கிறதா, நின்றிருக்கிறதா என்று அவர்கள் பார்ப்பார்கள்.

ஆஞ்சியோகிராமுக்கு அறிக்கை மட்டும் போதாது, படம் வேண்டும். 80% என்று ஒருவர் எழுதியதை இன்னொருவர் 60% என்று பார்ப்பதும் உண்டு. டிஸ்க்கில் இருப்பது டைகாம் வடிவம். அதிலிருந்து ஒரு படத்தை மட்டும் பிடுங்கி அனுப்பாதீர்கள். `DICOMDIR` என்ற கோப்போடு முழு ஃபோல்டரையும் ஜிப் செய்யுங்கள். பல மெயில்கள் 25 எம்பியைத் தாண்டினால் ஏற்காது, ஆஞ்சியோ அதைத் தாண்டிவிடும். ஆகவே மெயிலில் 'ஆஞ்சியோகிராம் டைகாம் வடிவில் இருக்கிறது, ஏற்றுவதற்கு லிங்க் அனுப்புங்கள்' என்று ஒரு வரி சேருங்கள். பெரும்பாலும் அவர்களிடமே வழி இருக்கும்.

கேத்லேப்ராத்திரி

டிஸ்க்கை அனுப்பும் முன் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். காலி டிஸ்க்கும் அடுத்த நோயாளியின் டிஸ்க்கும் கைமாறி வருவதைப் பார்த்திருக்கிறேன். ஓரத்தில் அப்பா பெயர் இருக்க வேண்டும், ஆஞ்சியோ என்றால் படம் அசைய வேண்டும்.

கணக்குப்பிள்ளை

சரி, மெயில் விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் ஏஜெண்ட் வழியாகப் போனால் இந்தத் தலைவலியே இல்லையே? ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் போட்டால் நாலு மருத்துவமனை விலையை அவரே கொண்டு வருகிறார். காசும் கேட்பதில்லை.

மேசைக்குப்பின்னால்

உங்களிடம் கேட்பதில்லை. மருத்துவமனையிடம் வாங்குவார், அது உங்கள் பில்லில் இருக்கலாம். எல்லா ஏஜெண்டும் மோசம் என்று சொல்ல மாட்டேன், மொழி தெரியாத ஊரில் கூடவே நின்றவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் மருத்துவர் எழுதிய அந்த ஒரு வரி ஏஜெண்ட் வழியாக வந்தால் 'டாவி செய்யலாம்' என்று மட்டும் வரும், 'ஆனால்' என்று தொடங்கும் பாதி வராது. பதிலை மருத்துவமனையின் சொந்த மெயில் முகவரியிலிருந்து நேராகக் கேளுங்கள்.

முதல் மெயிலில் பாஸ்போர்ட் நகல் வேண்டாம். அழைப்புக் கடிதம் கேட்கும்போது அனுப்பினால் போதும்.

முட்டிவலி

அழைப்புக் கடிதம் என்று நான் முன்னாலேயே சொன்னேன்.

மழைக்காகிதம்

இரண்டு இடத்திலிருந்தும் பதில் வந்துவிட்டது.

முதல் மருத்துவமனை டாவி பேக்கேஜ் என்று ஒரே ஒரு தொகை அனுப்பியிருக்கிறது. அடைப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இரண்டாவது இடத்திலிருந்து மருத்துவரின் குறிப்பே வந்திருக்கிறது. ஆஞ்சியோ படத்தைப் பார்த்தார்களாம். அடைப்பு உண்மைதான் என்றும், இதயக் குழுவில் பேசியதில் வால்வு மாற்றத்தோடு பைபாஸ் என்பதே முதல் தேர்வு என்றும், கிட்னியை முன்னிட்டு ஸ்டென்டோடு டாவியையும் ஒதுக்கவில்லை, சிடி பார்த்த பிறகே சொல்வோம் என்றும் எழுதியிருக்கிறார்கள். இரண்டுக்கும் மதிப்பீடு தனித்தனியாக இருக்கிறது. பேஸ்மேக்கர் சேராது, தனி விலை கொடுத்திருக்கிறார்கள். சிடி எப்படி எடுக்க வேண்டும் என்று ஒரு பக்கம் இணைத்திருக்கிறார்கள். ஆனால் முதல் இடத்தைவிட இங்கே தொகை கூடுதல்.

அப்பாவுக்கு நெஞ்சைத் திறப்பது என்றாலே பயம். முதல் இடத்துக்கே போகலாம் என்கிறார்.

கணக்குப்பிள்ளை

தொகையும் குறைவு, திறக்கவும் வேண்டாம். அப்பா சொல்வதில் என்ன தப்பு?

மேசைக்குப்பின்னால்

தப்பில்லை, ஆனால் அந்த இரண்டு தொகைகளும் ஒரே பொருளுக்கானவை அல்ல. முதல் இடத்துக்கு அதே மெயில் தொடரில் மறுபடி எழுதுங்கள்: 'எல்.ஏ.டி.யில் 80% அடைப்பு உள்ளது, ஆஞ்சியோ படத்தை உங்கள் மருத்துவர் பார்த்தாரா? ஸ்டென்ட் போடுவீர்களா, அது இந்தத் தொகையில் சேருமா?' வேறெதுவும் வேண்டாம். பதில் வந்த பிறகு இரண்டையும் பக்கத்தில் வையுங்கள்.

கேத்லேப்ராத்திரி

இரண்டாவது இடம் கொடுத்த சிடி பக்கத்தை உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள், சாயமருந்தின் அளவு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 45 திறன் உள்ளவருக்குக் குறைந்த அளவில் எடுக்க முடியுமா என்று இங்குள்ள ஸ்கேன் சென்டரிலும் கேட்டுவிடுங்கள். இன்னொன்று, அப்பாவே இரண்டாவது மருத்துவரிடம் வீடியோவில் பேச முடியுமா என்று கேளுங்கள். திறப்பதா வேண்டாமா என்பதை அவர் நம் இழையில் படித்து முடிவு செய்வதைவிட, திறக்கப்போகிறவரிடமே பயத்தைச் சொல்லிக் கேட்பது மேல்.

மழைக்காகிதம்

முதல் இடத்துக்கு இப்போதே எழுதுகிறேன். வீடியோ விஷயத்தை அப்பாவிடம் சொன்னேன். பேசுகிறேன், ஆனால் அம்மாவும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்கிறார்.